பவர் கேன்சல் பண்ணிட்டா போதுமா? போதாது சாமி, போதாது!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சுத்துவட்டாரத்துல மனை வாங்கிப் போட்டிருக்குற யாரை வேணா கேட்டுப் பாருங்க. "பவர் தானே குடுத்திருக்கேன், பத்திரமா எழுதிக் குடுத்தேன்? பிடிக்கலன்னா கேன்சல் பண்ணிட்டுப் போறேன்"னு ஒரே பல்லவிதான். வாங்கினவர் சொல்றார், புரோக்கர் சொல்றார், பத்திரம் எழுதுறவரும் சொல்றார். சொல்றவங்க எல்லாரும் நல்லவங்கதான். ஆனா இந்த ஒரு வரி எத்தனை பேரோட மனையை முழுங்கியிருக்குன்னு நினைச்சா வயிறு எரியுது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல அடிப்படை. பவர், அதாவது பொது அதிகார ஆவணம், என்பது சொத்தை மாத்திக் குடுக்குற பத்திரம் கிடையாது. 2011-ல சுராஜ் லேம்ப் வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லிடுச்சு: பவரை வச்சு யாரும் சொத்துக்கு உரிமையாளர் ஆயிட முடியாது. உடனே நம்மாளுக்கு குஷி. "பாத்தியா, பவர் வாங்கினவனுக்கு உரிமையே இல்ல!" அண்ணே, அவனுக்கு உரிமை இல்லதான். ஆனா உங்க உரிமையை வேற ஒருத்தருக்கு விக்கிற கையெழுத்து அவன்கிட்ட இருக்கே! பவர்ல விக்க அதிகாரம் இருந்து, அவன் போட்ட கையெழுத்துன்னா, சட்டத்தோட கண்ணுல அது நீங்களே போட்ட கையெழுத்து. பவர் என்ற சொல்லோட மொத்த அர்த்தமும் இதுதான்.

நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, ஒருத்தனுக்கு ரூட் பாஸ்வேர்டு குடுத்தாச்சு. அவன் நேத்தே ஃபைலை அழிச்சுட்டான். இன்னைக்கு நீங்க பாஸ்வேர்டை மாத்துறீங்க. நல்ல காரியம், நாளைக்கு அவன் உள்ள வர முடியாது. நேத்து அழிச்ச ஃபைல் திரும்பி வருமா? வராதுல்ல?

இதை நான் மட்டும் சொல்லல. 2025 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, அதுவும் நம்ம தமிழ்நாட்டுலேர்ந்து போன ஒரு வழக்குல. 2004 அக்டோபர்ல ஒருத்தர் பவர் எழுதிக் குடுக்குறார். ஏஜெண்ட் அதை வச்சு 2009 வரைக்கும் பல கிரயப் பத்திரம் போடுறார். உரிமையாளர் 2015 செப்டம்பர்ல பவரை ரத்து பண்றார். 2018-ல கோர்ட்டுக்குப் போய் அந்தக் கிரயமெல்லாம் செல்லாதுன்னு கேக்குறார். கீழ்க்கோர்ட்டு வழக்கை எடுக்கவே மாட்டேன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிடுச்சு. உயர் நீதிமன்றம், இல்ல விசாரிங்கன்னுச்சு. உச்ச நீதிமன்றம் கீழ்க்கோர்ட்டு சொன்னதுதான் சரின்னு முடிச்சுடுச்சு. பவர் உயிரோட இருந்தப்ப, அதுக்குள்ள நடந்த கிரயத்தை, பிறகு வந்த ரத்து ஒண்ணும் பண்ணாது. ரத்து பண்ணின தேதியைக் காட்டி காலக்கெடுவைப் புதுசா ஆரம்பிக்கவும் முடியாது. சாட்சி கூண்டு வரைக்கும்கூட போகாம முடிஞ்ச கதை.

ஆக, கேன்சல் என்பது இனிமே நடக்கப் போறதைத் தடுக்கத்தான். நடந்து போனதை மீட்க வேற வழி வேணும். அந்த வழி எதுன்னு முடிவு பண்றது உங்க கோபம் இல்ல. உங்க பவர் பத்திரத்துல இருக்குற வாசகம். அதனால பீரோவைத் திறந்து அந்தப் பத்திரத்தை எடுத்து வச்சுக்கிட்டு மேல படிங்க.

பவர்ல "விக்கலாம்"னு இருக்கா?

நம்ம ஊர்ல பெரும்பாலான பவர் பத்திரம் பழைய பத்திரத்தைப் பாத்து அப்படியே காப்பி அடிச்சது. பட்டா மாத்த, வரி கட்ட, இ.பி. கனெக்‌ஷன் வாங்க, பிளான் அப்ரூவல் வாங்க, வாடகைக்கு விட, அடமானம் வைக்க, கிரயம் செய்ய, கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ள... இப்படி இருபது வரி ஓடும். இதுல "கிரயம் செய்ய" என்ற ரெண்டு வார்த்தை இருக்கா இல்லையா என்பதுலதான் உங்க வழக்கோட தலையெழுத்தே இருக்கு.

இல்லைன்னா நீங்க அதிர்ஷ்டசாலி. 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு இருக்கு. கேரளாவுல நடந்த விஷயம், எதிர்த்தரப்புல தாமரசேரி கத்தோலிக்க மறைமாவட்டம். ஒரு அம்மா 1971-ல தன் கூடப்பிறந்த சகோதரிக்கு பவர் குடுக்குறாங்க. 1985-ல ரத்து பண்றாங்க. நடுவுல அந்தச் சகோதரி சொத்துல சிலதை வேற ஆளுங்களுக்கு எழுதிக் குடுத்தாச்சு. பவர் பத்திரத்தை எடுத்துப் பாத்தா, குத்தகைக்கு விட அதிகாரம் இருக்கு. ஈடு வச்சு கடன் வாங்க அதிகாரம் இருக்கு. பத்திரம் எழுதிப் பதிய அதிகாரம் இருக்கு. விக்க அதிகாரம் மட்டும் இல்ல. உச்ச நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னா, விக்கிற அதிகாரம் வெளிப்படையா எழுதியிருக்கணும், மத்த அதிகாரத்துலேர்ந்து ஊகிச்சு எடுக்க முடியாது. குத்தகையையும் ஈட்டையும் இவ்வளவு கவனமா எழுதினவர், விற்பனையை எழுதலன்னா அது வேணும்னே எழுதாததுதான். வித்தவருக்கே இல்லாத உரிமை வாங்கினவருக்கு எங்கிருந்து வரும்?

அதே தீர்ப்புல இன்னொரு நல்ல விஷயமும் இருக்கு. "பதிவு பண்ணின பத்திரமாச்சே, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணுமே"ன்னு எதிர்த்தரப்பு வழக்கமா ஒரு வாதம் வைக்கும். பதிவு என்பது பின்னாடி அந்தச் சொத்தை வாங்க வர்றவனுக்குத்தான் அறிவிப்பு. ஏற்கெனவே உரிமையாளரா இருக்குறவர் வாரா வாரம் போய் வில்லங்கம் போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு சட்டம் எதிர்பார்க்கல என்பதுதான் அதோட சாரம்.

விக்க அதிகாரம் இல்லாத பவரை வச்சு வித்திருந்தா, நீங்க கேக்க வேண்டியது "அந்தக் கிரயம் என்னைக் கட்டுப்படுத்தாது"ன்னு ஒரு விளம்புகை. இடம் அவங்க கையில இருந்தா சுவாதீனமும் சேர்த்து. வாங்கினவர் ஐயோ பாவம்தான். ஆனா பவர் பத்திரத்தைப் படிச்சுப் பாக்க வேண்டியது அவர் வேலை.

விக்க அதிகாரம் இருந்து, வித்துட்டான்னா?

இங்கதான் நம்மாளுங்க பாதிப் பேர் தப்பான பக்கம் ஓடுறாங்க. பவர்ல கிரயம் செய்ய அதிகாரம் இருக்கு, பவர் உயிரோட இருக்கு, சம்பந்தமே இல்லாத மூணாவது மனுஷன் ஒருத்தர் நியாயமான விலை குடுத்து வாங்கிட்டார். ஏஜெண்ட் பணத்தை அமுக்கிட்டான். இப்ப மனையைத் திருப்பிக் குடுன்னு வாங்கினவர் மேல பாயுறதுல பிரயோஜனம் ரொம்பக் கம்மி. அவர் உங்ககிட்ட வாங்கினதாத்தான் சட்டம் பாக்கும். உங்க சண்டை ஏஜெண்ட் கூட.

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துல இதுக்கு ஆயுதம் இருக்கு. ஏஜெண்ட் கேட்டா கணக்கு காட்டியே ஆகணும் (பிரிவு 213). உங்க சார்பா வாங்கின பணத்தை உங்ககிட்ட குடுத்தே ஆகணும் (பிரிவு 218). அவன் அஜாக்கிரதையால நேரடியா வந்த நஷ்டத்தையும் ஈடு பண்ணணும் (பிரிவு 212). ஆக இது பண வழக்கு, கணக்கு கேக்குற வழக்கு. அவன் பேர்ல என்ன சொத்து இருக்குன்னு தேடி, தீர்ப்புக்கு முன்னாடியே ஜப்தி கேக்க முடியுமான்னு வக்கீலோட உக்காந்து பேச வேண்டிய வழக்கு.

ஆனா நிஜத்துல நடக்குறது பெரும்பாலும் இந்த மாதிரி சுத்தமா இருக்காது. அவன் மூணாவது மனுஷனுக்கு விக்க மாட்டான். பொண்டாட்டிக்கு விப்பான், மச்சானுக்கு விப்பான், பார்ட்னருக்கு விப்பான். பத்திரத்துல பாதி விலையைப் போடுவான். அப்புறம் மச்சான்கிட்டேர்ந்து ஊர் பேர் தெரியாத ஒருத்தருக்கு உண்மையான விலைக்குப் போகும்.

இந்த மச்சான் டெக்னிக் என்னமோ நேத்து ஆவடியில கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க. அந்த 1872 சட்டத்தோட பிரிவு 215-ஐப் படிச்சா சிரிப்பு வரும். அதுல ஒரு உதாரணமே குடுத்திருக்கான் வெள்ளைக்காரன்: அ தன் நிலத்தை விக்கச் சொல்லி ஆ-கிட்ட சொல்றார்; ஆ, இ என்பவர் பேர்ல தானே அதை வாங்கிக்கிறார். அ-வுக்கு விஷயம் தெரிஞ்சா, முக்கியமான உண்மையை ஆ நேர்மையில்லாம மறைச்சார்னோ, அந்த விற்பனையால தனக்குப் பாதகம்னோ காட்டி, விற்பனையை ஏத்துக்க மாட்டேன்னு சொல்லலாம். நூத்தம்பது வருஷம் முன்னாடியே எழுதி வச்ச மச்சான் கேஸ் :-)

அதனால, விக்க அதிகாரம் குடுத்திருந்தாக்கூட, ஏஜெண்ட் தனக்குத்தானே வித்துக்கிட்டான்னு நிரூபிச்சா கிரயத்தையே ரத்து கேக்கலாம். குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் பிரிவு 31. நிரூபிக்கிறதுதான் கஷ்டம். சொந்தக்காரன்னு காட்டினா மட்டும் போதாது. கிரயத் தொகை யார் அக்கவுண்ட்லேர்ந்து வந்துச்சு, எங்க போச்சு, அன்னைக்கு அந்தத் தெருவுல வேற மனை என்ன விலைக்குப் போச்சு, விக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வாட்ஸப் மெசேஜாவது போட்டானா... வழக்கு நிக்கிறதும் விழுறதும் இதுலதான்.

மூணு வருஷம்: இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க

பத்திரத்தை ரத்து பண்ணக் கோருற வழக்குக்குக் காலக்கெடு மூணு வருஷம். எந்தத் தேதியிலேர்ந்து? கிரயம் நடந்த தேதி இல்ல, பவரை ரத்து பண்ணின தேதி இல்ல. ரத்து கோருறதுக்குக் காரணமான விஷயம் உங்களுக்குத் தெரிய வந்த தேதி. காலவரையறைச் சட்டம், ஷரத்து 59. ஏஜெண்ட் செஞ்ச முறைகேட்டுக்காக அவன் மேல போடுற வழக்குக்கும் அதே மூணு வருஷம்தான், அதுவும் தெரிய வந்த நாளிலேர்ந்து.

இப்ப நம்மாளு என்ன பண்றார்? வில்லங்கம் போட்டுப் பாக்குறார், அதிர்ச்சி. நேரா போலீஸ். பெரிய மீசை வச்ச அதிகாரி கூப்பிட்டு மிரட்டினா பையன் பயந்து குடுத்துடுவான்னு ஒரு நம்பிக்கை. புகார், சி.எஸ்.ஆர்., விசாரணை, "இது சிவில் மேட்டருங்க, பேசி முடிச்சுக்கோங்க", அப்புறம் ஊர்ப் பெரியவங்க வச்சு பஞ்சாயத்து, அப்புறம் "தை பொறந்ததும் குடுத்துடறேன்"னு ஒரு வாக்கு. ரெண்டு தை போயிடும். மூணாவது தையில வக்கீல் ஆபீஸ் வாசல்ல நிப்பார்.

போலீஸுக்குப் போகாதீங்கன்னு சொல்லல. மோசடி நடந்திருந்தா தாராளமா போங்க. ஆனா ரெண்டு விஷயம் மண்டையில ஏத்திக்கோங்க. ஒண்ணு, போலீஸ் புகார் சிவில் கெடுவை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்காது. ரெண்டு, அந்தப் புகார்ல போட்ட தேதிதான் "இவருக்கு இந்தத் தேதியிலயே விஷயம் தெரியும்"னு எதிர்த்தரப்பு உங்களுக்கு எதிரா காட்டப் போற முதல் சாட்சி. நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்த சாட்சி. எப்படி கதை?

அடுத்த குறுக்கு வழி சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ். "கிரயத்தை நானே ஒரு ரத்துப் பத்திரம் எழுதி ரத்து பண்ணிடறேன்." முடியாது. 2011-லயே சென்னை உயர் நீதிமன்றத்தோட முழு அமர்வு, ஒருதலைப்பட்சமா கிரயத்தை ரத்து பண்ற பத்திரம் செல்லாதுன்னு சொல்லியாச்சு. 2022-ல மாவட்டப் பதிவாளரே போலிப் பத்திரத்தை ரத்து பண்ணலாம்னு பதிவுச் சட்டத்துல 77-ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு கொண்டு வந்துச்சு. நிறைய பேர் மனு போட்டாங்க. 2024-ல உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவே அரசியல் சாசனத்துக்கு முரணானதுன்னு சொல்லிடுச்சு. அதெல்லாம் இல்லாட்டியும், உண்மையான பவரை வச்சு ஏஜெண்ட் தன் சொந்தக் கையெழுத்தைப் போட்டு எழுதினது போலிப் பத்திரமே இல்ல, நம்பிக்கைத் துரோகம். துரோகத்துக்கு ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல கவுண்ட்டர் கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம்

கற்பனையா ஒரு கேஸ் எடுத்துக்குவோம். பட்டாபிராம் பக்கம் அரை கிரவுண்டு, 1200 சதுர அடி. உரிமையாளர் துபாய்ல. 2019-ல பெரியப்பா மகனுக்கு ஆவடி சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பவர் எழுதிப் பதிஞ்சுட்டு ஃப்ளைட் ஏறிட்டார். பவர்ல கிரயம் செய்யவும் தொகையைப் பெறவும் அதிகாரம் இருக்கு. 2023 ஜூன்ல அண்ணன் தன் மச்சானுக்கு 18 லட்சத்துக்குக் கிரயம் பண்ணிட்டார். அன்னைக்கு அங்க விலை 40 லட்சம். 2024 ஜனவரி 10-ம் தேதி நம்மாளு துபாய்ல உக்காந்து tnreginet.gov.in-ல வில்லங்கம் பாக்கும்போது விஷயம் தெரியுது. அப்ப அவர் கெடு 2027 ஜனவரி பொங்கல் சமயத்துல முடியுது. அதை மனசுல வச்சுக்கிட்டு மேல போவோம்.

முதல் வாரம் செய்ய வேண்டியது காகித வேலை. பவர் பத்திரத்துக்கும் கிரயப் பத்திரத்துக்கும் சான்றிட்ட நகல் வாங்கணும். கிரயப் பத்திரத்துல பணம் எப்படிக் கைமாறுச்சுன்னு எழுதியிருக்கும். ரொக்கம்னு இருந்தா அதுவே ஒரு கதை. அதோட சேர்த்து பவரை ரத்து பண்ணணும். இந்த மாதிரி சாதாரண பவரை ரத்து பண்ண ஏஜெண்ட் கையெழுத்து தேவையில்ல. அவர் துபாய்ல இருந்தா அங்க இந்தியத் துணைத் தூதரகத்துல சான்றொப்பம் வாங்கி அனுப்பி வேலையை நடத்தலாம்.

இப்ப கேள்வி வரும்: ரத்தால பிரயோஜனம் இல்லைன்னு நீயே சொன்னியேப்பா? மனை போனது போனதுதான், ஆனா அதே பவர்ல வேற சொத்து இருக்கலாம், பிழைதிருத்தல் பத்திரம்னு இன்னொண்ணு போடலாம். அதைத் தடுக்கத்தான். அதுவும் ரத்துப் பத்திரத்தைப் பதிஞ்சு பீரோவுல வச்சா வேலைக்கு ஆகாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 208 என்ன சொல்லுதுன்னா, ரத்து என்பது ஏஜெண்டுக்கு அது தெரிஞ்ச பிறகுதான் அவனைக் கட்டுப்படுத்தும். மூணாவது மனுஷனுக்கு அது தெரிஞ்ச பிறகுதான் அவரைக் கட்டுப்படுத்தும். 2022 ஜனவரியில உச்ச நீதிமன்றத்துல முடிஞ்ச ஒரு இமாச்சல் வழக்குல, 1987-லயே பவர் பத்திரத்துல "ரத்து"ன்னு எழுதிட்டோம்னு உரிமையாளர் சொன்னார். அது வாங்கினவருக்குத் தெரிவிக்கப்படல. முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு, கிரயம் செல்லும்னு தீர்ப்பு. அதனால ஏஜெண்டுக்குச் சேர்ந்ததுக்கு ஆதாரத்தோட ஸ்பீடு போஸ்ட், மச்சானுக்கு ஒண்ணு, சப்-ரிஜிஸ்ட்ராருக்கு ஒரு மனு, பேப்பர்ல ஒரு அறிவிப்பு. நாலும் செய்யணும்.

அடுத்தது வழக்கு. இங்க வேகம்தான் முக்கியம், ஏன்னா மச்சான் சும்மா இருக்க மாட்டார். அவர் ஒரு அப்பாவிக்கு 40 லட்சத்துக்கு வித்துட்டா, நல்லெண்ணத்துல வாங்கினேன்னு சொல்ற ஒரு புது ஆள் நடுவுல வந்து நிப்பார், வழக்கு மூணு மடங்கு சிக்கலாகும். வழக்கு போட்ட பிறகு வித்தா, வாங்குறவர் இந்த வழக்கோட தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 52. கூடவே, விக்கவோ கட்டடம் கட்டவோ கூடாதுன்னு இடைக்காலத் தடை கேக்கணும்.

கேக்க வேண்டிய பரிகாரம் ரெண்டு அடுக்கு. முதல் அடுக்கு: கிரயத்தை ரத்து பண்ணு, இடத்தைக் குடு, இனிமே தலையிடக் கூடாதுன்னு நிரந்தர உறுத்துக்கட்டளை குடு. ரெண்டாவது அடுக்கு, முதலாவது கிடைக்காட்டி: அண்ணனே, 18 லட்சத்துக்குக் கணக்கு சொல்லு, குறைச்சு வித்ததால எனக்கு வந்த நஷ்டத்தையும் குடு. இந்த ரெண்டாவதை விட்டுட்டு வெறும் ரத்து மட்டும் கேட்டு, பத்து வருஷம் கழிச்சு "கிரயம் செல்லும், போய் ஏஜெண்ட்கிட்ட பணம் வாங்கிக்கோ"ன்னு தீர்ப்பு வந்தா, அப்ப பண வழக்குக்குக் கெடு எப்பவோ முடிஞ்சு போயிருக்கும்.

"நான் கையெழுத்தே போடலயே, வெறும் விளம்புகை கேட்டா கோர்ட் ஃபீஸ் கம்மியாகுமே"ன்னு ஒரு சாமர்த்தியம் உண்டு. உங்க ஏஜெண்ட் கையெழுத்து உங்க கையெழுத்துன்னு மேலயே சொன்னேன். பத்திரத்துக்குக் கட்சிக்காரர் ரத்து கேக்கணும், வெளி ஆள்தான் விளம்புகை கேக்கணும்னு 2010-லயே உச்ச நீதிமன்றம் பிரிச்சு வச்சிருக்கு. தமிழ்நாட்டுல 2017-ல கோர்ட் ஃபீஸை 7.5 சதவீதத்துலேர்ந்து 3 சதவீதமா குறைச்சாங்க. 18 லட்சத்துக்கு 3 சதவீதம்னா 54 ஆயிரம். 40 லட்சம் சந்தை மதிப்புக்குக் கட்டச் சொன்னா 1 லட்சத்து 20 ஆயிரம். எந்த மதிப்புன்னு எதிர்த்தரப்பு ஒரு சண்டை போடும். அதுக்கும் தயாரா போங்க.

இதுல கடைசி வேடிக்கை ஒண்ணு. துபாய்காரர் வழக்கு நடத்த என்ன பண்ணுவார்? இன்னொருத்தருக்கு பவர் குடுப்பார்! வழக்கு தாக்கல் பண்ண அது சரி. ஆனா "எனக்கு இந்தத் தேதியிலதான் தெரிஞ்சது, அண்ணன் என்கிட்ட சொல்லவே இல்ல" என்பது அவர் மனசுக்குள்ள இருக்குற விஷயம். அதை அவருக்குப் பதிலா பவர் ஏஜெண்ட் சாட்சி சொல்ல முடியாதுன்னு 2004-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால சாட்சி சொல்லும்போது அவரேதான் சொல்லியாகணும். லீவை இப்பவே சேத்து வச்சுக்கோங்க.

கோபம் யார் மேல?

ஏமாத்தினவன் மேல கோபப்பட்டு என்ன ஆகப் போகுது? என் கோபம் அந்த இருபது வரி காப்பி-பேஸ்ட் பத்திரத்து மேல. பட்டா மாத்தி, வரி கட்டி, வேலி போட வேண்டிய ஆளுக்கு எதுக்குய்யா கிரயம் செய்ற அதிகாரம்? கேட்டா "எதுக்கும் இருக்கட்டுமே சார், திரும்பத் திரும்ப வர வேணாம்ல"ங்கிறாங்க. அந்த "எதுக்கும் இருக்கட்டும்"தான் 40 லட்ச ரூபா வாசகம்.

ரெண்டாவது கோபம் நம்ம பதிவு முறை மேல. 2012 டிசம்பர்லேர்ந்து தமிழ்நாட்டுல இங்க எழுதுற அசையாச் சொத்து பவரைப் பதிஞ்சே ஆகணும்னு கொண்டு வந்தாங்க. நல்லது. ஏஜெண்ட் கிரயம் பண்ணும்போது பவர் குடுத்தவர் உயிரோட இருக்கார்னு டாக்டர்கிட்ட உயிர்வாழ் சான்று வாங்கி வரச் சொல்றாங்க. அதுவும் நல்லது. ஆனா அந்தச் சான்று சொல்றது அவருக்கு நாடி துடிக்குது என்பதை மட்டும்தான். அவருக்கு இந்த விற்பனையில சம்மதமா, விலை தெரியுமா, யாருக்குன்னு தெரியுமா என்பதை அது சொல்லாது. நூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் பண்ணினா உடனே மெசேஜ் வர்ற நாட்டுல, ஏஜெண்ட் கிரயத்துக்கு டோக்கன் போட்ட நிமிஷமே உரிமையாளர் நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. போயே ஆகணும், அது வராம பத்திரம் பதியக் கூடாதுன்னு சட்டத்துல ஒரு வரி எழுதுறது அவ்வளவு கஷ்டமா? எழுதிட்டா இந்தப் பதிவுல பாதிக்கு வேலையே இருக்காது.

அது வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்குறதைச் செய்வோம். பவர் குடுக்கணும்னா எந்த வேலைக்கோ அந்த வேலைக்கு மட்டும் குடுங்க. விக்கத்தான் குடுக்குறீங்கன்னா, இந்த விலைக்குக் குறையக் கூடாது, தொகை என் வங்கிக் கணக்குக்கு நேரா வரணும், ஏஜெண்ட் பணம் வாங்கக் கூடாது, இத்தனாம் தேதியோட அதிகாரம் முடியும்னு பத்திரத்துக்குள்ளயே எழுதுங்க. வாங்க வர்றவர் பவரைப் படிச்சுத்தான் ஆகணும். படிச்சா இந்த வரிகளும் அவரைக் கட்டுப்படுத்தும். மீறி வித்தா, அது அதிகாரத்தை மீறின கிரயம். மேல சொன்ன அதிர்ஷ்டசாலி வரிசையில நீங்களும் நிப்பீங்க.

ஏற்கெனவே இருபது வரி பவர் குடுத்துட்டு வந்தவங்க, இன்னைக்கு ராத்திரி வில்லங்கம் ஒரு தடவை பாத்துடுங்க. ஏதாவது தெரிஞ்சா, பாத்த தேதியைக் காலண்டர்ல எழுதி, அதுலேர்ந்து மூணு வருஷம் எண்ணிக்கோங்க. போலீஸ், பஞ்சாயத்து, சமாதானம் எல்லாம் அதுக்குள்ள நடக்கட்டும். வழக்கு அதுக்கு முன்னாடியே கோர்ட்ல நம்பர் ஆகியிருக்கணும்.

டிஸ்கி 1: நான் வக்கீல் இல்ல, இன்ஜினியர். தீர்ப்புகளைப் படிச்சு எனக்குப் புரிஞ்சதை எழுதியிருக்கேன். உங்க கேஸுக்கு உங்க பவர் பத்திரத்தைக் கையில எடுத்துக்கிட்டு சிவில் வக்கீலைப் பாருங்க.

டிஸ்கி 2: பில்டருக்குக் குடுத்த பவர், கூட்டு அபிவிருத்தி ஒப்பந்தத்தோட சேர்ந்த பவர் எல்லாம் தனிக் கதை. அதுல ஏஜெண்டுக்கே சொத்துல பாத்தியதை இருந்தா நினைச்ச மாதிரி ரத்து பண்ண முடியாது (பிரிவு 202). ஆனா "ரத்து செய்ய முடியாத பவர்"னு தலைப்புல எழுதிட்டா மட்டும் அது அப்படி ஆயிடாது, உள்ள என்ன இருக்குன்னுதான் பாக்கணும்னு 2025-லயும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதைப் பத்தி தனிப் பதிவு போடணும்.

டிஸ்கி 3: பின்னூட்டத்துல யார் பேரையும் போட்டு "இவன்தான் ஏமாத்தினான்"னு எழுதாதீங்க மக்கா. நடந்த விதத்தை மட்டும் எழுதுங்க. படிக்கிறவங்களுக்கு அதுதான் உபயோகம்.